மொட்டை மாடி சோலார்: ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெற்ற விதம்

(காலாண்டுக் கூட்டத்தில் சங்கப் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறோம்.)

லிஃப்டில் பார்த்தாலும், வாக்கிங் போகும்போது பார்த்தாலும், சென்ற பல மாதங்களாக நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சார், சோலார் பணம் என்ன ஆச்சு?" அதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விவரத்தைப் பிறகு சொல்கிறேன்.

நாம் கொடுத்த முன்பணம் 4,40,000 ரூபாய். அதில் 3,70,000 ரூபாய் சங்கத்தின் வங்கிக் கணக்கில் திரும்ப வந்துவிட்டது. மீதி 70,000 ரூபாய்க்கு, மாடியில் அவர்கள் இறக்கிய இரும்பு ஸ்ட்ரக்சரை நாமே வைத்துக்கொண்டோம். அவர்கள் துளை போட்ட இடங்களில் மழைநீர் இறங்கியதால், தளத்தைச் சரிசெய்ய 38,000 ரூபாய் செலவானது. அந்தச் செலவு நம்முடையதாகவே நின்றுவிட்டது. கணக்கு இவ்வளவுதான். பாஸ்புத்தகமும் ரசீதுகளும் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"நாலு மாதத்திலேயே ரத்து செய்திருக்கலாமே, ஏன் இழுத்தீர்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். "70,000 ரூபாயை ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்?" என்றும் சிலர் கேட்டீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் சொல்லும்போது நாங்கள் செய்த தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்களில் பலர் சொந்த ஊர் வீட்டுக்கும் சோலார் போட விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

பொது மின் இணைப்புக்காக, அதாவது லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு, பொது விளக்குகள் ஆகியவற்றுக்காக 20 கிலோவாட் அமைப்பு. 540 வாட் பேனல் 37, இன்வெர்ட்டர், ஸ்ட்ரக்சர், கேபிள், மின்வாரிய அனுமதி வேலை எல்லாம் சேர்த்து 11 லட்சம் ரூபாய். ஜனவரி 18 அன்று கையெழுத்தானது. ஜனவரி 20 அன்று 40 சதவீதம், அதாவது 4,40,000 ரூபாய், சங்கக் கணக்கிலிருந்து அனுப்பினோம். அடுத்த 40 சதவீதம் பேனலும் இன்வெர்ட்டரும் நம் வளாகத்தில் இறங்கிய பிறகு. மீதி, வேலை முடிந்து மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகு.

தேதி பற்றிய வரி இது: "முன்பணம் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அமைப்பு நிறுவப்பட்டு, மின்வாரிய மீட்டருடன் இணைத்து இயக்கத்துக்குக் கொண்டுவரப்படும்." ஜனவரி 20 முதல் 90 நாள் என்றால் ஏப்ரல் 20.

இந்த ஒரு வரிதான் பின்னால் நம்மைக் காப்பாற்றியது. அதில் இரண்டு விஷயங்கள் சரியாக இருந்தன. ஒன்று, நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பது. சில ஒப்பந்தங்களில் "முன்பணம், இடம் ஒப்படைப்பு, மின்வாரிய அனுமதி ஆகியவற்றில் எது கடைசியோ அன்றிலிருந்து" என்று போடுவார்கள். அப்படிப் போட்டால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதே பெரிய வழக்காகிவிடும். இரண்டாவது, எது முடிந்தால் வேலை முடிந்ததாகப் பொருள் என்பது. வெறுமனே "நிறுவப்படும்" என்று இருந்தால், பேனலை மாட்டிவிட்டு "எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லிவிடலாம். வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வரும் மின்சாரத்தையும் கணக்கிடும் இருவழி மீட்டர் பொருத்தி, மின்வாரிய லைனோடு இணைத்தால்தான் நமக்குப் பயன். பிரதமர் சூர்யகர் திட்டத்தில் நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நமக்கு அது 3,60,000 ரூபாய். அந்த மானியமும் அமைப்பு இயக்கத்துக்கு வந்த பிறகுதான் கிடைக்கும்.

தாமதத்தால் நமக்கு என்ன நஷ்டம் என்பதையும் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். 20 கிலோவாட்டுக்கு 80 யூனிட், மாதத்துக்குச் சுமார் 2,400 யூனிட். பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 19,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்கள் பராமரிப்புத் தொகையிலிருந்துதான் போகிறது.

"ஓகே சார்" என்று எழுதிய ஒரு வரி

மார்ச் 12 அன்று இரும்பு ஸ்ட்ரக்சர் வந்தது. எட்டு வரிசையில் நான்கு வரிசையை நிறுத்தினார்கள். அதோடு ஆட்கள் வரவில்லை. போன் செய்தால், "மின்வாரிய அனுமதி வரவில்லை" என்றார்கள்.

இது உண்மையா என்று கண்டுபிடிப்பது சுலபம். சூர்யகர் தளத்தில் விண்ணப்பம் நம் மின் இணைப்பு எண்ணில், நம் மொபைல் எண்ணில்தான் பதிவாகிறது. நாமே உள்ளே போய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். பார்த்தோம். ஜனவரி 31 அன்று விண்ணப்பித்திருக்கிறார்கள், பிப்ரவரி 14 அன்றே சாத்தியக்கூறு அனுமதி வந்துவிட்டது. நுகர்வோர் மின் உரிமை விதிகளில் 2024ல் வந்த திருத்தத்தின்படி, 10 கிலோவாட் வரை இந்த ஆய்வே தேவையில்லை. அதற்கு மேல் என்றால் 15 நாளுக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே மின்வாரியத்தின் மேல் பழி போடுவதற்கு இடமே இல்லை. அந்தத் திரையை அன்றே தேதியோடு படம் எடுத்து வைத்தோம். நீங்களும் இப்படித் தாமதத்தைச் சந்தித்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். தாமதம் யாருடையது என்பதற்குக் கையில் காகிதம் இருக்க வேண்டும். மின்வாரியம் உண்மையிலேயே தாமதித்திருந்தால் நிறுவனத்தின் மேல் பாய்வதில் பயனில்லை.

அனுமதிக் கதை நிற்கவில்லை என்றதும், "உள்நாட்டுத் தயாரிப்பு பேனல் ஸ்டாக் இல்லை" என்றார்கள். மானியம் வேண்டுமானால் உள்நாட்டு செல் கொண்ட பேனல்தான் போட வேண்டும் என்பது விலை சொல்லும்போதே அவர்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்துதான் 90 நாள் என்று எழுதினார்கள்.

ஏப்ரல் 20 போனது. ஏப்ரல் 22 அன்று அவர்களுடைய மேலாளர் வாட்ஸப்பில், "மே 31க்குள் கட்டாயம் முடித்துவிடுகிறோம்" என்று அனுப்பினார். நம் செயலாளர், "ஓகே சார், அதற்குள் முடித்துவிடுங்கள், நன்றி" என்று பதில் போட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். நாமெல்லாம் சுமுகமாகப் போக நினைப்பவர்கள். ஆனால் அந்த ஒரு வரிதான் எங்கள் தவறு.

ஏன் என்று சொல்கிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55. குறித்த தேதியில் வேலையை முடிப்பது அந்த ஒப்பந்தத்துக்கு அடிப்படை என்று இருவரும் கருதியிருந்தால், தேதி தவறியதும் மற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படிக் கருதவில்லை என்றால் ரத்து செய்ய முடியாது, நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். "அதற்குள் முடித்துவிடுங்கள், நன்றி" என்று நாமே எழுதிக் கொடுத்த பிறகு, "ஏப்ரல் 20 எங்களுக்கு உயிர்போகிற தேதி" என்று சொல்ல வாய் வருமா? பேனல் வராத அந்த ஆறு வாரத்துக்கான நஷ்டத்தைக் கேட்பதும் கடினம் என்று நாங்கள் பார்த்த வழக்கறிஞர் சொல்லிவிட்டார். "நாலு மாதத்திலேயே ஏன் ரத்து செய்யவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். தேதியை நாமே தள்ளிக் கொடுத்திருந்தோம்.

அவகாசம் கொடுப்பது தவறில்லை. கொடுக்கும் விதம்தான் முக்கியம். அன்று செயலாளர் இப்படி எழுதியிருந்தால் போதும்: "ஒப்பந்தத் தேதி ஏப்ரல் 20 தவறிவிட்டது. மே 31 வரை பொறுக்கிறோம். இதனால் தாமதத்துக்கான இழப்பீடு கேட்கும் உரிமையையோ, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையையோ விட்டுக்கொடுக்கவில்லை." மூன்று வாக்கியம். இதை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மாடுலர் கிச்சன், உள்அலங்காரம், லிஃப்ட் மாற்றம் எதற்கும் உதவும்.

கடைசித் தேதியை எழுத்தில் குறித்தல்

மே 31ம் போனது. ஜூன் 5 அன்று வேறொரு கோரிக்கை வந்தது. "பேனல் விலை ஏறுகிறது. இரண்டாம் தவணை 4,40,000 ரூபாயை இப்போதே போட்டால் உடனே அனுப்பிவிடுவோம்." கமிட்டியில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது. கொடுக்கவில்லை. ஒப்பந்தப்படி பொருள் இறங்கிய பிறகுதான் அந்தத் தவணை. பொருள் வராமல் அடுத்த தவணை கேட்கிறார்கள் என்றாலே, நாம் கொடுத்த முதல் தவணை வேறு எங்கோ செலவாகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அன்று கொடுத்திருந்தால் இன்று இருமடங்கு பணத்துக்கு அலைந்துகொண்டிருப்போம்.

தேதி நம் கையைவிட்டு நழுவிப்போன பிறகும் அதை மீட்க வழி இருக்கிறது. நியாயமான ஒரு கடைசித் தேதியைக் குறித்து, அது தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதன்பின் அந்தத் தேதிதான் அடிப்படை. இதைத்தான் செய்தோம்.

ஜூன் 9 அன்று கமிட்டி கூடி, ரத்து நடவடிக்கைக்கும் செயலாளர் கையெழுத்துக்கும் தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினோம். ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில், பணம் சங்கக் கணக்கிலிருந்து. தீர்மானம் இல்லாமல் ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கடிதம் எழுதினால், "உங்களுக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டுவிடுவார்கள். மறுநாள் நோட்டீஸ் போனது. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில், ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலுக்கும் அதே நகல். ஜூன் 12 அன்று அவர்கள் பெற்றுக்கொண்டதற்கு அஞ்சல் சான்று இருக்கிறது.

நோட்டீஸ் ஒரு பக்கம்தான். கொடுத்த பணம், ஒப்பந்தத் தேதி, தவறிய இரண்டு தேதிகள், அனுமதி பிப்ரவரி 14 அன்றே கிடைத்துவிட்ட விவரம், இதுவரை வந்த பொருள். பிறகு முக்கியமான பத்தி: "ஜூலை 15 மாலைக்குள் முழு அமைப்பையும் மீட்டருடன் இணைத்து இயக்கித் தர வேண்டும். இந்தத் தேதி இறுதியானது. தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும், முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்." "30 நாளுக்குள்" என்று எழுதாமல் காலண்டர் தேதியாகவே போட்டோம். 30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று ஒரு சண்டை வேண்டாமே. ஒரு வாரம் மட்டும் கொடுத்து அவர்களை மடக்கவும் முயலவில்லை. அனுமதி கையில் இருக்கும்போது 20 கிலோவாட் வேலைக்கு ஒரு மாதம் போதும் என்று இரண்டு வேறு நிறுவனங்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். கொடுத்த அவகாசம் நியாயமானது என்று நாளை காட்ட வேண்டுமல்லவா?

ஜூலை 15 வரை யாரும் வரவில்லை. ஜூலை 17 காலை ஒரு லாரி வந்தது, 14 பேனல்களோடு. 37க்கு 14. இன்வெர்ட்டர் இல்லை. இந்த இடத்தில்தான் நம் செக்யூரிட்டி அண்ணாச்சிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "கமிட்டி சொல்லாமல் சோலார் பொருள் எதையும் இறக்க விடக் கூடாது" என்று முந்தைய நாள் சொல்லி வைத்திருந்தோம். டிரைவர் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்டைத் திறக்கவில்லை. கடைசித் தேதிக்குப் பிறகு பொருளை இறக்கிக்கொண்டால், தாமதமான வேலையை நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். எழுதிய நோட்டீஸ் வீணாகிவிடும். லாரியையும் டெலிவரி சலானையும் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

ஜூலை 18 அன்று ரத்துக் கடிதம். நோட்டீஸ் தானாகவே ரத்து ஆகாது. "ரத்து செய்கிறோம்" என்று அவர்களுக்குச் சொன்னால்தான் ரத்து. அதே முகவரி, அதே மின்னஞ்சல். 15 நாளுக்குள் 4,40,000 ரூபாயைத் திருப்பித் தரவும், மாடியில் இருக்கும் ஸ்ட்ரக்சரை அவர்கள் செலவில் எடுத்துக்கொண்டு துளைகளைச் சரிசெய்து தரவும் கேட்டோம்.

அவர்கள் போட்ட கணக்கும் நாம் போட்ட கணக்கும்

பத்து நாளில் பதில் வந்தது. ஒப்பந்தத்தில் ரத்துக் கட்டணம் 20 சதவீதம் என்று இருக்கிறது, 11 லட்சத்துக்கு அது 2,20,000 ரூபாய். ஸ்ட்ரக்சருக்கும் கூலிக்கும் 1,90,000 ரூபாய். ஆக 4,10,000 போக 30,000 ரூபாய் தருகிறோம், பெற்றுக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டிவிட்டோம் என்றும் ஒரு வரி.

இந்த இடத்தில் பலர் சோர்ந்துபோய்க் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரத்துக் கட்டணம் என்று போட்ட வரி, வாடிக்கையாளர் தன் விருப்பத்துக்கு மனம் மாறி விலகினால் பொருந்துவது. நம் ஒப்பந்தத்திலும் "வாடிக்கையாளர் காரணமின்றி விலகினால்" என்றுதான் இருந்தது. இங்கே தவறியவர் அவர். அது தவிர, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே அதை முழுவதும் பிடித்துக்கொள்ள முடியாது. பிரிவு 74, நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே. தாமதம் செய்தவருக்கு நம்மால் என்ன இழப்பு?

ஜிஎஸ்டி கட்டியிருந்தால், அதைச் சரிக்கட்டிக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அது அவருக்கும் வரித்துறைக்கும் இடையிலான விஷயம். நம் பணத்தை வைத்துக்கொள்ள அது காரணமில்லை.

ஸ்ட்ரக்சர் விஷயத்தில்தான் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தை ரத்து செய்பவர், அதன் மூலம் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரிவு 64 சொல்கிறது. இரும்பும் நமக்கு வேண்டும், முழுப் பணமும் வேண்டும் என்று கேட்க முடியாது. ஒன்று, அவர்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால், நமக்கு அது எவ்வளவுக்கு உதவுமோ அந்த மதிப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்துப் பிரிக்கும் கூலியே அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நாம் வேறு நிறுவனத்தை வரவழைத்து மதிப்பு கேட்டோம். நான்கு வரிசையின் உயரமும் சாய்வும் சரியாக இருப்பதாகவும், புது வேலையில் பயன்படுத்தினால் 85,000 ரூபாய் வரை தங்கள் விலையில் குறைக்க முடியும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்ட 1,90,000 எங்கே, இது எங்கே?

ஆணையத்துக்குப் போனபோது

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். நிறுவனம் அதே 30,000 கணக்கையே திரும்ப அனுப்பியது. உதவி மையம் பேசிப்பார்க்கும், உத்தரவு போடாது. ஆனாலும் அந்தப் புகார் எண் பின்னால் ஆவணமாக உதவியது.

செப்டம்பர் 3 அன்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு போட்டோம். வழக்குச் செலவு பற்றிக் கவலைப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஆணையக் கட்டணம், ஒப்பந்தத் தொகை 11 லட்சத்தை வைத்து அல்ல, நாம் உண்மையில் கொடுத்த தொகையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நாம் கொடுத்தது 4,40,000. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கலாம். மனுவை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் பேச்சுவார்த்தை என்றே நாளைக் கடத்தக் கூடாது.

ஒப்பந்தத்தில் "எல்லாத் தகராறும் வேறு ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது, மத்தியஸ்தர் மூலம் தீர்க்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துப் பயந்தோம். பயப்படத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் தருபவர் இருக்கும் ஊரிலேயே மனு போடலாம். மத்தியஸ்த வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.

நாங்கள் கேட்டது: முன்பணம் 4,40,000, அதற்கு வட்டி, தளம் சரிசெய்த 38,000, வழக்குச் செலவு. இணைத்த ஆவணங்கள்: ஒப்பந்தம், வங்கிச் சான்று, திரைப் படம், வாட்ஸப் உரையாடல் முழுவதும், நோட்டீஸ், ரத்துக் கடிதம், அஞ்சல் சான்றுகள், லாரியின் படம், ஸ்ட்ரக்சர் மதிப்பீடு, கமிட்டித் தீர்மானம். அந்த "ஓகே சார்" வரியையும் மறைக்காமல் சேர்த்தோம். எப்படியும் எதிர்த்தரப்பு காட்டத்தான் போகிறது.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் கிடையாது. 44ஆவது நாள் பதில் போட்டார்கள். டிசம்பரில் ஆணையம், இரு தரப்பும் சம்மதித்தால் சமரசத்துக்கு அனுப்பலாமே என்றது. சம்மதித்தோம்.

சமரச மேசையில் அவர்கள் 2,50,000 என்று தொடங்கினார்கள். முடிந்தது 3,70,000ல். ஸ்ட்ரக்சரின் மதிப்பு 70,000 என்று வைத்து நமக்கே. 85,000 மதிப்புள்ள பொருள் 70,000க்கு நம்மிடம் இருக்கிறது. "ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இது. நாம் உண்மையில் விட்டது வட்டியையும் 38,000 ரூபாயையும். விசாரணை முழுவதும் நடந்து தீர்ப்பு வந்து, அதற்கு மேல்முறையீடும் போனால் இன்னும் வருடக்கணக்கில் மாடி சும்மா கிடக்கும். மாதம் 19,000 ரூபாய் கணக்கில், இரண்டு மாதம் இழுத்தாலே 38,000 போய்விடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கமிட்டி ஒப்புக்கொண்டது. இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். பொதுக்குழுவில் கேளுங்கள்.

பணம் வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். 2,00,000 ரூபாய் பத்து நாளில் வங்கி வழியாக. மீதி 1,70,000க்கு ஜனவரி தேதியிட்ட காசோலை. காசோலையைக் கொடுத்த கையோடு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்து கேட்டார்கள். போடவில்லை. காசோலை பணமாகிக் கணக்கில் ஏறிய அன்று கையெழுத்திட்டோம். காசோலை திரும்பியிருந்தால், வங்கிச் சீட்டு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்தே வைத்திருந்தேன். நல்லவேளையாகத் தேவைப்படவில்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்

புது நிறுவனத்தின் விலைப்புள்ளி உங்கள் பார்வைக்கு வரப்போகிறது. அதில் கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைக் கமிட்டி கட்டாயம் கேட்கும். முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை, அடுத்த பணம் பொருள் இறங்கிய பிறகு. மீட்டருடன் இணைக்கும் இறுதித் தேதி காலண்டர் தேதியாக, "இந்தத் தேதி ஒப்பந்தத்தின் அடிப்படை" என்ற சொற்களோடு. தேதி தவறி 30 நாள் கடந்தால் சங்கம் ரத்து செய்யலாம், 15 நாளுக்குள் முன்பணம் திரும்ப வேண்டும், வாடிக்கையாளர் ரத்துக் கட்டணம் அதற்குப் பொருந்தாது. இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொள்ளாத நிறுவனம் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொரு வேலையும் பாக்கி. சூர்யகர் தளத்தில் நம் விண்ணப்பத்தில் இன்னும் பழைய நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. அதை நீக்கிய பிறகே புதியவருக்கு முன்பணம் போகும். செயலாளர் இந்த வாரம் மின்வாரிய அலுவலகத்துக்குப் போகிறார். கூட யாராவது வர முடிந்தால் நல்லது, நானும் வருகிறேன்.

கேள்வி இருந்தால் ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் இருப்பேன்.